"95% மீட்பு"ன்னு சொன்னா உடனே ஷேர் வாங்கிடாதீங்க

பேட்டரி மறுசுழற்சி பத்தி வீடியோ போட்டதுல இருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது: "இந்தத் துறையில பணம் போடலாமா?" என் கருத்து இதுதான். கம்பெனி எந்த டெக்னாலஜி வச்சிருக்குங்கிறதை விட, அதோட வாசலுக்கு எந்த பேட்டரி வருதுங்கிறதுதான் முக்கியம்.

முறைகள் ரெண்டு. ஒண்ணு, உலையில உருக்குறது. பெல்ஜியத்தின் யூமிகோர் இதுல பெயர் பெற்ற கம்பெனி. நிக்கல், கோபால்ட், தாமிரம் மூணும் உலோகக் கலவையா கீழே தங்கிடும். லித்தியம் கசடோட போயிடும். அதைத் திரும்ப எடுக்கத் தனிச் செலவு. இன்னொண்ணு, பேட்டரியை அரைச்சு, அதுல கிடைக்கிற கருந்தூளை சல்ஃபியூரிக் ஆசிட்ல கரைச்சு, ஒவ்வொரு உலோகமா பிரிக்கிறது. இதுல லித்தியமும் கிடைக்கும்.

இப்ப கணக்குக்கு வருவோம். செல்போன் பேட்டரியில பெரும்பாலும் இருக்கிறது லித்தியம் கோபால்ட் ஆக்ஸைடு. அதுல ஒரு கிலோவுக்குச் சுமார் 600 கிராம் கோபால்ட், 70 கிராம் லித்தியம் இருக்கும். எல்எஃப்பி பேட்டரியில இருக்கிறது லித்தியம் இரும்பு பாஸ்பேட். அதுல கிலோவுக்கு சுமார் 44 கிராம் லித்தியம். கோபால்ட், நிக்கல் ரெண்டுமே கிடையாது. ரெண்டுலயும் 95% மீட்டாலும், முதல் கிலோவுல 570 கிராம் கோபால்ட் கையில வரும், கூடவே லித்தியமும். ரெண்டாவதுல வெறும் 42 கிராம் லித்தியம். ஆனா அரைக்கிற செலவும் ஆசிட் செலவும் ரெண்டுக்கும் உண்டு. எலக்ட்ரிக் வண்டிகள் எல்எஃப்பி பக்கம் போகப் போக, இந்த இடைவெளி லாபத்தைத் தின்னும்.

அடுத்தது விலை. சீனாவுல லித்தியம் கார்பனேட் 2022 கடைசியில டன்னுக்கு 6 லட்சம் யுவானை நெருங்குச்சு. 2024-ல 1 லட்சத்துக்கும் கீழே வந்துடுச்சு. ஆலைச் செலவு அப்படி இறங்கல.

கனடாவின் லி-சைக்கிளை எடுத்துக்கோங்க. 2021-ல நியூயார்க் பங்குச்சந்தைக்கு வந்துச்சு. பேட்டரியை அரைச்சு கருந்தூள் எடுக்கிறது சிறு ஆலைகள்ல நடந்துச்சு. அதைக் கரைச்சு உலோகமா விக்கிற பெரிய ஆலை ராச்செஸ்டர்ல வரணும். கட்டுமானச் செலவு எகிறினதால 2023 அக்டோபர்ல வேலை நின்னுச்சு. மதிப்புக்கூட்டுற படியே இல்லாம கருந்தூளோட நின்ன கம்பெனி, 2025 மே மாசம் திவால் பாதுகாப்பு கேட்டுச்சு.

அதனால ஐபிஓ ஆவணத்தைத் திறந்தா, மீட்பு சதவீதத்தைத் தாண்டி மூணு விஷயம் தேடுங்க. வர்ற பேட்டரியில எல்எஃப்பி எவ்வளவு? விக்கிறது கருந்தூளா, இல்ல சுத்தமான நிக்கல், கோபால்ட் உப்பா? உலோக விலை பாதியானா, கையிருப்புச் சரக்கோட மதிப்பு என்ன ஆகும்? மூணுக்கும் பதில் இல்லாத ஆவணம்னா, நான் என் பணத்தைப் போட மாட்டேன்.