‘வயசாயிட்டு’ என்பது நோயின் பெயர் அல்ல

முழங்கால் வலிக்குது என்று போனாலும், ராத்திரி தூக்கம் வரலை என்று போனாலும், எனக்குக் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: “வயசாயிட்டுல்லா சார்!” போன மே மாதம் என் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போனபோது அதற்கும் அதே பதில் கிடைத்தது. “அண்ணாச்சி, இது 2014 மாடல். இதுல வீடியோ எடிட்டிங் எல்லாம் ஓடாது. புதுசு வாங்கிருங்க, அறுபதாயிரத்துக்குள்ள முடிச்சிரலாம்.” மெஷினைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவர் சொன்னது நோயறிதல் இல்லை என்பதுதான் என் கட்சி. அவர் பேச்சைக் கேட்டு நான் புதுசு வாங்கியிருந்தால் பணமும் போயிருக்கும், வீடியோவும் நின்றுதான் போயிருக்கும். அது எப்படி என்று சொல்கிறேன்.

அக்காவுக்கு எண்பது வயது நிறைவு. அதற்காக 42 நிமிட வீடியோ ஒன்று ஷாட்கட் என்ற இலவச மென்பொருளில் செய்துகொண்டிருந்தேன். பழைய போட்டோக்கள், பிள்ளைகளின் வாழ்த்து, நடுவில் இரண்டு வருஷத்துக்கு முன் காலமான அத்தான் நாசரேத் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற ஒரு துண்டு. எல்லாம் சேர்த்து, கடைசியில் ஒரே கோப்பாக ரெண்டர் செய்யக் கொடுத்தால் பாதியில் நின்றுவிடும். அதற்கு முன்பே, ஓட்டிப் பார்க்கும்போது படம் திக்கித் திக்கித்தான் வரும். சில நாள் லேப்டாப்பே பொட்டென்று அணைந்துவிடும்.

துறைமுகப் பணிமனையில் நான் இருந்த காலத்தில், ஒரு கிரேன் நின்றுவிட்டது என்று சொல்லி வருகிற ஆளிடம் எங்கள் ஃபோர்மேன் கேட்கிற முதல் கேள்வி “என்ன ஆச்சு?” என்பதல்ல. “ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துலதான் நிக்குதா?” என்பதுதான். அந்தக் கேள்வியை லேப்டாப்பிடமும் கேட்கலாம் என்பது கடையிலிருந்து திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. நோட்டு எடுத்துத் தேதி, மணி, எத்தனை சதவீதத்தில் நின்றது என்று எழுத ஆரம்பித்தேன்.

முதல் நாள் 61 சதவீதம். மறுபடி ஓட்டினேன், 61. மறுநாள் காலையிலும் 61. இது முக்கியமான சேதி. மெஷின் களைத்துப்போய் நிற்கிறது என்றால் ஒரே இடத்தில் களைக்காது. ஒரே இடத்தில் நிற்கிறது என்றால், அந்த இடத்தில் இருக்கிற ஏதோ ஒன்றுதான் காரணம். 42 நிமிடத்தில் 61 சதவீதம் என்றால் இருபத்தைந்தரை நிமிடத்தைத் தாண்டி. ப்ராஜெக்டை வேறு பெயரில் சேமித்து, 25 முதல் 27 நிமிடம் வரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்து ரெண்டர் கொடுத்தேன். அந்த இரண்டு நிமிடமும் நின்றது. குற்றவாளி அதற்குள்தான் இருக்கிறான். அந்தப் பகுதியில் இருந்த ஆறு கோப்புகளையும் ஒவ்வொன்றாக இப்படிச் சோதித்தேன்:

```
ffmpeg -v error -i athan.mp4 -f null -
```

இது கோப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்க்கும். எதையும் எழுதாது, எதையும் மாற்றாது. கோப்பு நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் முடிந்துவிடும். ஐந்து கோப்புகள் மௌனமாக முடிந்தன. ஆறாவதில் `Invalid NAL unit size` என்று வரிவரியாக வந்தது. அது அத்தான் பேசுகிற துண்டு. கோப்பின் அளவு சரியாகத்தான் இருந்தது; ஆனால் பழைய பென்டிரைவில் கிடந்து நடுவில் ஒரு பகுதி கெட்டிருந்தது. அறுபதாயிரம் ரூபாய் லேப்டாப்பில் போட்டிருந்தாலும் அது கெட்ட கோப்புதான்.

உடனே அக்கா மகனுக்குப் போன் போட்டேன். “மாமா, ஒரிஜினல் என் பழைய போன்ல இருக்கு. இந்த வாரம் எக்ஸ்சேஞ்சுல கொடுக்கப் போறேன்” என்றான். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சுருங்கிவிடும் என்று சொல்லி, கூகுள் டிரைவில் ஏற்றச் சொன்னேன். ஒரு வாரம் தாமதித்திருந்தால் அத்தானின் குரல் போயிருக்கும்.

(சோதனையில் எந்தக் கோப்பும் குற்றம் சொல்லாவிட்டால், அந்த இடத்தில் போட்டிருக்கிற ஃபில்டர், டைட்டில் ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.)

கோப்பை மாற்றியதும் 61 தாண்டியது. ஆனால் பிரச்சினை தீரவில்லை. மதியம் இரண்டு மணிக்கு ஓட்டினேன், 38 சதவீதத்தில் லேப்டாப் அணைந்தது. உடனே மறுபடி போட்டேன், 19. விடியற்காலை ஐந்து மணிக்குப் போட்டேன், 83 வரை போனது. இப்போது இடம் மாறுகிறது. அதோடு, முன்பு மென்பொருள் மட்டும்தான் நின்றது. இப்போது எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மெஷினே அணைகிறது. சூட்டோடு மறுபடி போட்டால் சீக்கிரம் நிற்கிறது, குளிர்ந்த நேரத்தில் போட்டால் நீண்ட தூரம் ஓடுகிறது. இது வெப்பம். பிராசசர் நூறு டிகிரியை நெருங்கும்போது தன் வேகத்தைத் தானே குறைக்கும். அதிலும் அடங்காவிட்டால் தன்னைக் காத்துக்கொள்ள மின்சாரத்தையே துண்டித்துவிடும். வெப்பம் காட்டும் மென்பொருளைத் திறந்து வைத்துப் பார்த்தேன். பத்தாவது நிமிடத்தில் 98.

தூத்துக்குடியில் ஒரு மெக்கானிக் திறந்து காட்டினார். மின்விசிறிக்கும் அதன் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளி மாதிரி ஒரு படலம், செக்கச்செவேலென்று. நம்ம தேரி மண்! ஆடிக் காற்றில் ஜன்னல் ஓரம் வைத்து எழுதியதற்குக் கிடைத்த பரிசு. சுத்தம் செய்து, பிராசசர் மேல் புதுப் பேஸ்ட் தடவ 600 ரூபாய். அதன் பின் 80ஐத் தாண்டவில்லை.

மூன்றாவது, படம் திக்குவது. இங்கே மட்டும் கடைக்காரத் தம்பி சொன்னதில் நியாயம் உண்டு. இப்போதைய போன்கள் பல, இடத்தைச் சேமிக்க ஹெச்இவிசி என்ற முறையில் பதிவு செய்கின்றன. அதில் ஒரு முழுப் படம் இருக்கும். தொடர்ந்து வருபவற்றில் பெரும்பாலும் மாறியது மட்டும்தான் இருக்கும். நடுவில் ஒரு இடத்தைத் தொட்டால், அந்த முழுப் படத்திலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே வரவேண்டும். இன்டெல் சிப்களில் ஆறாம் தலைமுறையிலிருந்துதான் இதற்கென்று முழுமையான தனிப் பகுதி இருக்கிறது. என்னுடையது நான்காம் தலைமுறை. பிராசசரே எல்லாக் கணக்கையும் போடவேண்டும். முடியாதபோது சில பிரேம்களை விட்டுவிட்டு ஓடும்.

ஆனால் ஓட்டிப் பார்க்கும்போது பிரேம் விடுபடுவதால் ரெண்டர் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஓட்டிப் பார்ப்பதற்குக் கடிகாரத்தோடு போட்டி. ரெண்டருக்கு அந்த அவசரம் இல்லை, ஒவ்வொரு பிரேமையும் முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். எடிட் செய்யும் வசதிக்கு ஷாட்கட்டில் Settings, Proxy, Use Proxy என்று ஒரு வழி இருக்கிறது. அது சிறிய நகல்களைச் செய்து எடிட்டிங்குக்குத் தரும். கடைசியில் ரெண்டருக்கு ஒரிஜினலைப் பயன்படுத்தும். நகல் செய்ய ஒரு ராத்திரி ஆனது. அதன் பிறகு திக்கல் இல்லை.

ஆக, மூன்று தொல்லை, மூன்று காரணம். வயது அதில் ஒன்றில்தான் பங்காளி. அதற்கும் மாற்று வழி இருந்தது. முழு வீடியோ ஒரு விடியற்காலையில் மூன்று மணி நேரம் பத்து நிமிடத்தில் முடிந்தது. புது மெஷினில் அரை மணியில் முடியும்தான். எனக்கு என்ன அவசரம்?

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொண்டு போங்கள். ஒரே இடத்தில் நிற்கிறதா, இடம் மாறுகிறதா? மென்பொருள் மட்டும் மூடுகிறதா, மெஷினே அணைகிறதா? ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் திக்குகிறதா, முடிந்த கோப்பிலும் திக்குகிறதா? அந்தத் தாளைப் படித்த பிறகும் “வயசாயிட்டு” என்று ஒருவர் சொன்னால், வேறு கடை பாருங்கள்.