பர்ஸ் போனாலும் பிரயாணம் போகவேண்டாம்!

மதுரை ரெயில் நிலையம். மாலை ஆறு மணி. கட்டட வேலை முடிந்து சென்னைக்குத் திரும்பும் ஒரு கொத்தனார், டீக்கடையில் காசு கொடுக்கச் சட்டைப்பையைத் தொடுகிறார். பர்ஸ் இல்லை! பணம், பாங்கிக் கார்டு, ஆதார் கார்டு எல்லாம் அதற்குள். ரிசர்வேஷன் கவுண்டரில் வாங்கிய இரவு ரெயில் டிக்கெட்டும் அதற்குள்தான்.

கையில் மிஞ்சியது செல்போன் ஒன்றே. அதில், டிக்கெட் வாங்கிய அன்று வந்த செய்தி இருக்கிறது. ரெயில் எண், பெட்டி, படுக்கை எண், பத்து இலக்க பி.என்.ஆர். எண் எல்லாம் அதில் உள்ளன. "இதைக் காட்டிவிட்டு ஏறிவிடலாம்" என்று அவர் நினைக்கிறார். பலரும் ஏமாறுவது இங்கேதான்!

இரண்டு விதமான டிக்கெட்

இணையத்தில் வாங்கிய இ-டிக்கெட் என்றால் அவர் நினைப்பது சரி. செல்போனில் உள்ள செய்தியையும், அசல் அடையாள அட்டையையும் காட்டினால் போதும். கவுண்டர் டிக்கெட் அப்படி அல்ல. அந்தக் காகிதம்தான் டிக்கெட். செய்தி வெறும் தகவல்.

காகிதம் இல்லாமல் ஏறினால், டிக்கெட் இல்லாத பிரயாணியாகவே கணக்கு. கட்டணம் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த 300-ஐ மறுபடி கட்டவேண்டும். அதோடு அபராதமாக 250 ரூபாய் அல்லது கட்டணத்துக்குச் சமமான தொகை, இரண்டில் எது அதிகமோ அதுவும் கட்டவேண்டும். ஆக 600 ரூபாய்!

செய்யவேண்டியது என்ன?

அவர் நேராக ரிசர்வேஷன் கவுண்டருக்குப் போய், "டிக்கெட் தொலைந்துவிட்டது. நகல் டிக்கெட் வேண்டும்" என்று கேட்கவேண்டும். கவுண்டர் மூடியிருந்தால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் போகவேண்டும். பி.என்.ஆர். எண்ணைச் சொன்னால் அவர் பெயர் கணினியில் தெரிந்துவிடும்.

பிரயாணிகள் பட்டியல் தயாராகும் முன் போனால், தூங்கும் வசதி வகுப்புக்கு 50 ரூபாய்தான் கட்டணம். பட்டியல் தயாராகிவிட்டால் டிக்கெட் விலையில் பாதி, அதாவது 150 ரூபாய். பட்டியலோ, ரெயில் புறப்படப் பல மணி நேரம் முன்பே தயாராகிவிடும். ஆகவே பர்சைத் தேடி அலைவதற்கு முன் கவுண்டருக்குப் போவதே லாபம். வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டுக்கும், ரிசர்வ் செய்யாத டிக்கெட்டுக்கும் நகல் கிடையாது.

பணத்துக்கு என்ன வழி? ஊரில் உள்ள தம்பி செல்போன் மூலம் அனுப்பலாம். ஆதாருக்கு? டிஜிலாக்கர் செயலியில் அரசாங்கமே வழங்கிய பகுதியில் உள்ள ஆதாரை ரெயிலில் ஏற்றுக்கொள்கிறார்கள். நாமே படம் பிடித்து ஏற்றி வைத்தது செல்லாது.

அடுத்து, பாங்கிக்குப் போன் செய்து கார்டை நிறுத்தவேண்டும். நிலையத்தில் உள்ள ரெயில்வே போலீசில் புகார் எழுதிக் கொடுக்கவேண்டும். போலீஸ் எங்கே என்று தெரியாவிட்டால் 139 என்ற எண்ணுக்குப் பேசலாம். 1-ஐ அழுத்தினால் பாதுகாப்பு உதவி கிடைக்கும். அவர்கள் ஆளை அனுப்புவார்கள். ஆனால் டிக்கெட்டோ பணமோ தரமாட்டார்கள்.

இது நியாயமா?

கொத்தனார் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார். ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. இ-டிக்கெட் வாங்கியவர் காகிதத்தைத் தொலைத்தால் நஷ்டம் இல்லை. கவுண்டரில் வரிசையில் நின்று வாங்கியவர் தொலைத்தால் பாதிப் பணம் வரை நஷ்டம். இருவர் பெயரும் அதே பட்டியலில்தான் இருக்கிறது!

"தொலைந்ததாகச் சொல்லி டிக்கெட்டை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டால்?" என்று ரெயில்வே கேட்கலாம். ஒரு படுக்கையில் ஒருவர்தான் படுக்கமுடியும். யாருடைய படுக்கை என்பதை அடையாள அட்டை சொல்லிவிடும். ஆகவே கவுண்டர் டிக்கெட்டுக்கும் செய்தியும் அடையாள அட்டையும் போதும் என்று விதியை மாற்றுவதே நியாயம். கவுண்டருக்கு வருகிறவர்களில் பலர், இணையத்தில் டிக்கெட் எடுக்கத் தெரியாதவர்கள். தெரியாததற்குத் தண்டனையா?

விதி மாறும்வரை நாம்தான் உஷாராக இருக்கவேண்டும். ரிசர்வேஷன் படிவத்தில் சொந்த செல்போன் எண்ணையே எழுதுங்கள். பி.என்.ஆர். எண்ணை வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். டிக்கெட்டையும் பணத்தையும் ஒரே பர்சில் வைக்காதீர்கள். போனும் சேர்ந்து தொலையலாம். ஆகவே வீட்டில் ஒருவருடைய எண்ணையாவது மனப்பாடம் செய்யுங்கள். மனதில் உள்ள எண்ணை எந்தத் திருடனும் எடுக்கமுடியாது!