முசிறியைக் "கண்டுபிடித்தவர்களிடம்" சில கேள்விகள்



"முசிறியைக் கண்டுபிடிச்சாச்சு, அகஸ்டஸ் கோயிலும் அங்கதான் இருந்தது" எண்டு எங்கட ஆட்கள் மேடைகளில் பேசுகிறார்கள். ஆதாரத்தைக் கேட்டால், கேட்டவர் தமிழ்த் துரோகி ஆகிவிடுகிறார். பரவாயில்லை, கேட்போம்.

முசிறி எங்கே இருந்தது எண்டு பழைய நூல்கள் என்ன சொல்லுகின்றன? முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூல், அது ஓர் ஆற்றங்கரையில், கடற்கரையிலிருந்து 20 ஸ்டேடியா உள்ளே இருந்ததாகச் சொல்கிறது. ஏறத்தாழ நாலு கிலோமீற்றர். கப்பல்கள் கரையிலிருந்து தூரத்தில் நிற்க, சரக்கைச் சிறு படகுகளில் ஏற்றி இறக்கினார்கள் என்கிறார் பிளினி. புறநானூறும் தோணியில் பொன் கரை சேர்வதைப் பாடுகிறது. அகநானூறு பேரியாற்றைச் சொல்கிறது. இவை எதுவும் இடத்தைத் துல்லியமாகக் காட்டவில்லை. 

நீண்டகாலம் முசிறி என்றால் கொடுங்கல்லூர் எண்டு எல்லாரும் நம்பினார்கள். அதற்குப் பெயர் ஒரு முக்கிய காரணம். ஏறத்தாழ 1000ஆம் ஆண்டைச் சேர்ந்த யூதர் செப்பேடு அங்கே "முயிரிக்கோடு" என்ற பெயரைத் தருகிறது. ஆனால் அது பெரிப்ளஸுக்கு 900 வருடம் பிந்தியது. துறைமுகம் இடம் மாறும்போது பெயரும் கூடவே போயிருக்கலாம். அங்குள்ள சேரமான் பறம்பில் 1945இலும் 1969-70இலும் தோண்டியபோது சங்ககால மண்படை எதுவும் கிடைக்கவில்லை.

பிறகு பெரியாற்றுக்குத் தெற்கே உள்ள பட்டணம் என்ற ஊர் வந்தது. 2007 முதல் கேரள வரலாற்று ஆய்வு மன்றம் அங்கே தோண்டியதில் மத்தியதரைக் கடல் ஜாடித் துண்டுகள், செங்கல் துறைமேடை, மரத் தோணி எல்லாம் கிடைத்தன. உண்மையில் பெரிய கண்டுபிடிப்பு. முதலாம் நூற்றாண்டில் அங்கே கடல் கடந்த வணிகம் நடந்தது எண்டு துணிந்து சொல்லலாம்.

ஆனால் "இதுதான் முசிறி" என்பது இன்னொரு கூற்று. "பட்டணம் கடலிலிருந்து நாலு கிலோமீற்றர், பெரிப்ளஸ் கணக்கு அப்படியே பொருந்துது" என்கிறார்கள். அது இண்டைக்குள்ள கடற்கரையிலிருந்து எடுத்த அளவு! ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டும், கரை நகரும், ஆற்று முகமே இடம் மாறும். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய கரை எங்கே இருந்தது எண்டு மண் துளைத்துப் பார்த்து முடிவு செய்யாமல், இண்டைய வரைபடத்தில் அளவுகோலை வைப்பதற்கு அர்த்தமில்லை. பொருந்தினால் அது தற்செயலாகவும் இருக்கலாம். முசிறி என்ற பெயர் பொறித்த ஓடு ஒன்றுகூட அங்கே கிடைக்கவில்லை. பட்டணம் மிக வலுவான வேட்பாளர். அதைத் தாண்டிச் சொல்லாதீர்கள்.

அகஸ்டஸ் கோயில் கதை இன்னும் மோசம். அதற்கு ஒரே சாட்சி, பியூட்டிங்கர் வரைபடம் எனப்படும் ரோமானிய வழிப்படத்தின் இடைக்காலப் பிரதி. அதில் முசிறிக்குப் பக்கத்தில் ஒரு கோயிலை வரைந்திருக்கிறார்கள். அந்தப் படம் ஏறத்தாழ 6.7 மீற்றர் நீளம், உயரமோ 34 சென்றிமீற்றர். உலகத்தையே நசுக்கி இழுத்த படத்தில் "பக்கத்தில்" என்பதற்குத் தூரமும் இல்லை, திசையும் இல்லை. மண்ணில் அந்தக் கோயிலின் ஒரு கல்லும் கிடைக்கவில்லை.

தெளிவில்லாத நூலை வைத்து இடம் தேடும்போது ஒரு நேர்மையான வழி உண்டு. நூல் போடும் நிபந்தனைகளை முதலில், வரைபடத்தைத் திறக்கும் முன்னமே, எழுதி வைக்க வேண்டும். பிறகு அவற்றைக் கொண்டு பொருந்தாத இடங்களைக் கழிக்க வேண்டும். விருப்பமான இடத்தை முதலில் எடுத்துவிட்டு நூலை அதுக்கு வளைப்பவர், எந்த ஊருக்கும் எந்தப் பெயரையும் சூட்டலாம்.

இது ஏன் எங்களுக்கு முக்கியம்? 2020இல் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுக்கென இலங்கை ஜனாதிபதி செயலணி ஒன்றை அமைத்தபோது, அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. "பழைய நூலில் இருக்கு, ஆகவே இந்தக் காணி எங்களுடையது" என்பதுதான் அங்கே நாங்கள் எதிர்க்கிற வாதம். தீகவாபியைப் பற்றி ஒரு கேள்வி, முசிறியைப் பற்றி வேறு கேள்வி எண்டு நாங்கள் வைத்துக்கொண்டால், எங்கள் எதிர்ப்பு வெறும் இனப்பற்று ஆகிவிடும். காணியை இழப்பது உழவரும் மீனவரும்தான்.

அடுத்த முறை யாராவது "கண்டுபிடிச்சாச்சு" எண்டால் கேளுங்கள்: எந்தக் கரையிலிருந்து அளந்தீர்கள்? பொருந்தாத எந்த இடங்களைக் கழித்தீர்கள்? என்ன கிடைத்தால் நீங்கள் பிழை எண்டு ஒப்புக்கொள்வீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாதவர் வரலாறு பேசவில்லை, காணி பேசுகிறார்.