தலைப்பைத் தமிழாக்கினால் போதுமா? ஒரு பிள்ளையின் வயது எக்செல்லில் மாறிய கதை

நம்ம ஊர் உறவுகளுக்கு, குறிப்பாகப் பாடசாலை அலுவலகங்களிலும் சங்கங்களிலும் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைமாருக்கு இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். ஆறுதலாக வாசியுங்கள்.

தரம் 1 அனுமதிக்கான விண்ணப்பங்களைப் பட்டியலிட ஒரு பாடசாலை அலுவலகத்துக்கு உதவப் போயிருந்தோம். பட்டியல் ஏற்கெனவே எக்செல்லில் தயாராக இருந்தது. இணையத்திலிருந்து இறக்கிய ஓர் ஆங்கிலப் படிவத்தை எடுத்து, தலைப்புகளையெல்லாம் அழகாகத் தமிழில் மாற்றியிருந்தார்கள். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, வயது எல்லாம் தமிழில். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

அனுமதி ஆண்டின் ஜனவரி 31ஆம் திகதி பிள்ளைக்கு 5 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பது எல்லாரும் அறிந்த விதி. 2026 அனுமதிக்கென்றால் 2026.01.31இல் 5 வயது. படிவம் வயதைத் தானாகக் கணித்து, குறைந்தவர்களைச் சிவப்பில் காட்டியது. அந்தச் சிவப்புக்குள் ஒரு பிள்ளை. விண்ணப்பத்தில் இருந்த பிறந்த திகதி 05/01/2021, அதாவது ஜனவரி 5. ஐந்து வயது தாராளமாகப் பூர்த்தி. எக்செல்லோ 4 என்றது.

காரணம் சின்னது. அந்தக் கணினியின் விண்டோஸ் அமைப்பு அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தது. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். நாம் ஜனவரி 5 என்று நினைத்துத் தட்டியதை எக்செல் மே 1 என்று எடுத்துக்கொண்டது. மே மாதம் பிறந்த பிள்ளைக்கு ஜனவரி 31இல் 4 வயதுதானே. கணக்கில் பிழையில்லை, வாசிப்பில்தான் பிழை.

அதே பட்டியலில் 01/03/2021 என்று இன்னொரு பிள்ளை. உண்மையில் மார்ச் 1. எக்செல் அதை ஜனவரி 3 என்று வாசித்து 5 வயது கொடுத்துவிட்டது. தகுதியுள்ள பிள்ளை வெளியே, தகுதியில்லாத பிள்ளை உள்ளே. விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்காவிட்டால் இரண்டு வீட்டுக்கும் பிழையான பதில்தான் போயிருக்கும்.

மூன்றாவது பிள்ளையின் திகதி 25/01/2021. இருபத்தைந்தாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் எக்செல் அதைத் திகதியாகவே ஏற்கவில்லை. வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டு, வயது வரவேண்டிய கலத்தில் #VALUE! என்று காட்டியது. அலுவலகத்தில் எல்லாரும் இந்தப் பிழையைத்தான் கண்டார்கள். இது கத்திச் சொல்லும் பிழை, ஆபத்தில்லை. சத்தமில்லாமல் மாறிய முதல் இரண்டும்தான் ஆபத்து.

எத்தனை பேருக்கு இது நடக்கும் என்று கணக்குப் பார்த்தோம். ஒவ்வொரு மாதத்திலும் 1 முதல் 12 வரையான திகதிகளை மாற்றி வாசிக்க முடியும். பன்னிரண்டு மாதத்துக்கும் 144 நாட்கள். ஜனவரி 1, பெப்ரவரி 2 போல நாளும் மாதமும் ஒன்றாக இருக்கும் 12 நாட்களைக் கழித்தால் 132. வருடத்தின் 365 நாட்களில் 132 நாட்கள் சத்தமில்லாமல் மாறும். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

உங்கள் பட்டியலிலும் இது நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி. திகதி நிரலில் இடம், வலம் என்று நீங்கள் போட்டிருக்கும் ஒழுங்கை எடுத்துவிடுங்கள். எக்செல் திகதியாக ஏற்றவை கலத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். எழுத்தாக வைத்திருப்பவை இடப்பக்கம் நிற்கும். இடப்பக்கம் நிற்பவை எல்லாம் மாதத்தின் 12ஆம் நாளுக்குப் பிந்தியவையாக இருந்தால், வலப்பக்கம் நிற்பவை மாறிப்போயிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கலத்தின் தோற்றத்தை மாற்றி இதைத் திருத்த முடியாது. எக்செல் உள்ளே திகதியை ஒரு எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 1900 ஜனவரி 1 என்றால் 1, அங்கிருந்து நாளுக்கு ஒன்று கூடும். பிழையான எண் ஒருமுறை உள்ளே போனால், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைப் பார்த்துத் திரும்பத் தட்டுவதுதான் வழி.

"அப்படியென்றால் விண்டோஸ் அமைப்பை மாற்றினால் சரிதானே?" என்று அங்கேயே ஒரு தம்பி கேட்டார். மாற்றலாம், மாற்றவும் வேண்டும். ஆனால் அந்த அமைப்பு ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனி. நாளைக்கு வேறொருவர் தன் கணக்கில் நுழைவார். அல்லது கணினியைத் திருத்தக் கொடுத்து, புதிதாக விண்டோஸ் போட்டுக்கொண்டு வருவார்கள். படிவம் மட்டும் அப்படியே இருக்கும். அதோடு நம் நாட்டில் திகதியை எழுதும் முறையே ஒன்றல்ல. நாம் நாளை முதலில் எழுதுகிறோம். அரச கடிதங்களில் 2026.01.31 என்று ஆண்டு முதலில் வருகிறது, அதுவும் புள்ளி வைத்து. ஆங்கில அமைப்புள்ள எக்செல்லில் இந்தப் புள்ளித் திகதியை அப்படியே தட்டினால் அது எழுத்தாகத்தான் நிற்கும்.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். எந்தக் கணினியில் திறந்தாலும் ஒரே மாதிரி வாசிக்கும்படி படிவத்தைத்தான் மாற்ற வேண்டும். பிறந்த திகதிக்கு ஒரு நிரல் வைக்காமல் ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று நிரல் வையுங்கள். B நிரலில் 2021, C நிரலில் 1, D நிரலில் 5. எக்செல் ஊகிக்க இடமே இல்லை. E நிரலில் இதைப் போடுங்கள்:

```
=DATE(B2,C2,D2)
```

இதிலும் ஒரு பொறி உண்டு. DATE சார்பு தாராள மனசுக்காரர். பெப்ரவரி 30 என்று கொடுத்தால் பிழை சொல்லாமல் மார்ச் 2 என்று மாற்றிவிடும். 13ஆம் மாதம் என்றால் அடுத்த வருட ஜனவரிக்குப் போய்விடும். ஆகவே கொடுத்த மாதமும் நாளும்தான் திரும்பி வருகின்றனவா என்று கேட்கச் சொல்ல வேண்டும்:

```
=IF(AND(MONTH(DATE(B2,C2,D2))=C2,
DAY(DATE(B2,C2,D2))=D2),
DATE(B2,C2,D2),"திகதியைச் சரிபார்க்கவும்")
```

E நிரலின் தோற்றத்தை yyyy-mm-dd என்று வையுங்கள். ஆண்டு முதலில் இருந்தால் யாரும் மாற்றி வாசிக்க மாட்டார்கள். சிங்களத்தில் வேலை செய்யும் சக உத்தியோகத்தருக்கும் அது பழகிய ஒழுங்கு. F நிரலில் வயது:

```
=IF(ISNUMBER(E2),
DATEDIF(E2,DATE(2026,1,31),"Y"),"")
```

DATEDIF என்பதைத் தட்டத் தொடங்கினால் எக்செல் மற்றச் சார்புகளைப் போல அதைப் பட்டியலில் காட்டாது. ஆனால் முழுதாகத் தட்டினால் வேலை செய்யும். ஆண்டை 21 என்று சுருக்கித் தட்டினால் DATE அதை 1921 என்று எடுத்து, பிள்ளைக்கு நூறு வயதைத் தாண்டிவிடும். அதைத் தடுக்க B நிரலுக்கு Data Validation போட்டு, 2015 முதல் 2025 வரை மட்டும் ஏற்கச் செய்யுங்கள். அதன் Error Alert பெட்டியில் "ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதவும்" என்று தமிழில் எழுதிவிடலாம்.

இங்கேதான் சார்புகளின் பெயர் பற்றிய பேச்சு வருகிறது. "DATE, SUM எல்லாம் ஏன் ஆங்கிலத்தில்? 'கூட்டு' என்று தமிழில் வைத்தால் என்ன?" என்று ஆர்வமுள்ள பிள்ளைகள் கேட்கிறார்கள். ஜெர்மன் எக்செல்லில் SUM என்பது SUMME என்று வருவது உண்மைதான். ஆனால் அது திரையில் காட்டும் பெயர் மட்டுமே. கோப்புக்குள் SUM என்றே சேமிக்கப்படுகிறது. அதனால் ஜெர்மனியில் செய்த கோப்பு இங்கே சரியாகத் திறக்கும். அந்த ஏற்பாட்டை மென்பொருள் செய்தவர்களால்தான் செய்ய முடியும். நாமாக =கூட்டு(B2:B10) என்று தட்டினால் வருவது #NAME? மட்டும்தான். படிவத்தின் வழிகாட்டித் தாளில் கூட அப்படி எழுதி வைக்கக் கூடாது. வாசித்தவர் அதையே தட்டிப் பார்ப்பார். சார்பின் பெயரை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, அது என்ன செய்கிறது என்பதைப் பக்கத்தில் நல்ல தமிழில் எழுதுவோம். மனிதரிடம் படிவம் பேசும் இடங்கள், அதாவது தலைப்பு, எச்சரிக்கை, பிழைச் செய்தி ஆகியவை தமிழாக இருக்கட்டும்.

கடைசியாக, மாதிரித் தரவு. அந்தப் படிவத்தில் மாதிரிக்கு இருந்தது ஓர் அமெரிக்கப் பெயர், முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டாகப் பிரித்து. நம் பிள்ளைகளின் பெயரை அப்படிப் பிரிக்க முடியுமா? முதலெழுத்துகள் மூன்று முன்னால் நிற்கும். முஹம்மது, முஹம்மத், முகம்மது என்று ஒரே பெயருக்கு மூன்று எழுத்துமுறை. ஆகவே முழுப்பெயர், முதலெழுத்துகளுடன் பெயர் என்று இரண்டு நிரல் வையுங்கள். பிள்ளையைத் தேடுவதைப் பெயரால் செய்யாமல் விண்ணப்ப இலக்கத்தால் செய்யுங்கள்.

பெற்றோரின் அடையாள அட்டை நிரலுக்குப் பழைய இலக்கம் ஒன்றும் புதிய இலக்கம் ஒன்றும் மாதிரியாக வேண்டும். புதிய 12 இலக்கத்தைச் சாதாரண கலத்தில் தட்டினால் எக்செல் அதைச் சுருக்கி E+11 என்று காட்டும். தொலைபேசி இலக்கத்தின் முதல் பூச்சியமும் காணாமல் போகும். தட்டுவதற்கு முன்பே அந்த நிரல்களை Text என்று மாற்றிவையுங்கள். மாதிரிக்கென்று யாருடைய உண்மையான அட்டை இலக்கத்தையும் போடாதீர்கள். ஆண்டுக்குப் பின் வரும் மூன்று இலக்கம் பிறந்த நாளைக் குறிக்கும். பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். அப்படியும் 866ஐத் தாண்டாது. ஆகவே 198599900000 என்று 999 வைத்து எழுதினால் அது எவருக்கும் சொந்தமாகாது.

பிறந்த திகதிக்கும் மாதிரியாகச் சிக்கலானவற்றையே வையுங்கள். 2021 ஜனவரி 5 என்றால் வயது 5 வர வேண்டும். ஜனவரி 31க்கும் 5. பெப்ரவரி 1க்கு 4. மார்ச் 1க்கு 4. பெப்ரவரி 30க்கு எச்சரிக்கை. இந்த ஐந்து நிரையும் சரியாக வந்தால் படிவத்தை நம்பலாம். பிறகு அவற்றை அழித்துவிட்டு உண்மைப் பெயர்களைத் தட்டத் தொடங்குங்கள்.

அந்தப் பட்டியலைத் திரும்பச் செய்ய எங்களுக்கு ஒரு பிற்பகல் போனது. விண்ணப்பக் கட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் வாசிக்க ஒருவர் தட்டினோம். ஜனவரி 5 பிள்ளை சிவப்பிலிருந்து வெளியே வந்தது. மார்ச் 1 பிள்ளையின் பெற்றோருக்கு அடுத்த வருடம் வரச் சொல்லி உரிய பதில் போனது. அந்த உம்மா வாப்பாவுக்கு இது கவலைதான். ஆனால் சேர்த்த பிறகு பிள்ளையைத் திருப்பி அனுப்புவதை விட இது மேல்.

உங்கள் அலுவலகத்தில் இப்போது பாவிக்கும் படிவத்தைத் திறந்து, முதலில் 05/01/2021 என்று ஒரு வெற்றுக் கலத்தில் தட்டுங்கள். பக்கத்துக் கலத்தில் =MONTH( ) போட்டு அடைப்புக்குள் அந்தக் கலத்தின் பெயரை எழுதுங்கள். 1 வந்தால் நல்லது. 5 வந்தால் இதுவரை தட்டிய பட்டியல்கள் எல்லாவற்றையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.