வெயில் தின்றது கேமராவை அல்ல

மயிலாப்பூரில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு கால் டாக்ஸி ஓட்டுநர் போன மாதம் என்னிடம் வந்தார். லஸ் சிக்னலில் ஒரு பைக் அவர் வண்டியின் பின்கதவை உரசிவிட்டுப் போய்விட்டது. டேஷ்கேமில் பார்த்தால் அன்றைய படமே இல்லை. கடைசியாகப் பதிவானது மூன்று நாள் முந்தையது. அதற்குச் சில வாரம் முன்பிருந்தே அந்தக் கேமரா ஓடும்போதே அணைந்து, கிணுகிணுத்துக்கொண்டு மறுபடி எழுந்து வந்திருக்கிறது. கார் அலங்காரப் பொருள் விற்கும் கடையில் காட்டியிருக்கிறார். "மெட்ராஸ் வெயில்ல கேமரா போச்சுண்ணா, புதுசு போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த ஒரு வாக்கியத்தைத் தி.நகரிலும் அடையாறிலும் எத்தனையோ பேர் கேட்டிருப்பார்கள். நல்ல கேமராக்கள் இதனால்தான் குப்பைக்குப் போகின்றன. பெரும்பாலும் இது தவறான தீர்ப்பு.

முதலில் வெயிலையே எடுத்துக்கொள்வோம். கண்ணாடியில் ஒட்டிய கேமரா சூடாகும் என்பது உண்மை. உள்ளே லித்தியம் பேட்டரி வைத்த மலிவு மாடல்களில் அந்தப் பேட்டரி உப்பிப் போவதும் உண்டு. ஆனால் வெப்பத்தால் வரும் கோளாறுக்கு நேரம் காலம் உண்டு. பெசன்ட் நகர் கடற்கரையில் மதியம் இரண்டு மணி நேரம் நின்ற வண்டியை எடுத்ததும் மக்கர் செய்யும். ஏசி ஓடிக் கண்ணாடி ஆறியதும் அடங்கிவிடும். நம்மவர் கேமரா காலை ஐந்து மணி விமான நிலைய சவாரியிலும் அணைந்து அணைந்து எழுந்தது. அந்த நேரத்தில் என்ன வெயில்?

அடுத்த வாதம், "கார்டு நல்லாத்தான் இருக்கு, லேப்டாப்புல போட்டா படம் ஓடுதே" என்பது. படம் ஓடுவது படிக்கும் வேலை. மெமரி கார்டு படிப்பதால் தேய்வதில்லை என்றே சொல்லலாம். அழித்து எழுதுவதால்தான் தேய்கிறது. ஒவ்வொரு முறை அழிக்கும்போதும் அதன் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் திறனை இழக்கின்றன. இன்றைய சாதாரண கார்டுகளில் இது சில நூறு முதல் சில ஆயிரம் தடவை வரைதான் தாங்கும். போட்டோ எடுப்பவருக்கு அந்த எண்ணிக்கை ஆயுளுக்கும் போதும். டேஷ்கேமுக்குப் போதாது. ஏனென்றால் கார்டு நிரம்பியதும் பழைய துண்டை அழித்துப் புதியதை எழுதுவதுதான் லூப் ரெக்கார்டிங்.

நம்மவர் கணக்கையே போட்டுப் பார்த்தோம். முன்னும் பின்னும் இரண்டு கேமரா, சேர்த்து விநாடிக்கு 26 மெகாபிட். அதாவது மூன்றேகால் மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 11.7 ஜிபி. நாளைக்குப் பத்து மணி நேரம் ஓட்டுகிறார், 117 ஜிபி. வண்டியோடு கொடுத்த கார்டோ 32 ஜிபி. தினமும் மூன்றரை முறைக்கு மேல் முழுக்கார்டும் அழித்து எழுதப்படுகிறது. வருஷத்தில் 300 நாள் என்றால் ஏறத்தாழ 1,100 முறை. அந்தக் கார்டுக்கு வயது பதினான்கு மாதம். அதே கேமராவை நாளுக்கு ஒரு மணி நேரம் கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் ஓட்டுகிற ஓய்வுபெற்றவர் வண்டியில் வைத்தால் அதே கார்டு பத்து மடங்கு நாள் வரும். அதனால்தான் "என் வண்டியில நல்லா ஓடுதே" என்ற சாட்சியம் எதையும் நிரூபிப்பதில்லை.

தேய்ந்த கார்டு ஏன் கேமராவை அணைக்கிறது? கேமரா நொடிக்கு நொடி படத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதன் தற்காலிக நினைவகம் மிகச் சிறியது. கார்டு ஒரு தொகுதியை எழுதத் திணறிச் சில விநாடி பதில் சொல்லாமல் இருந்தால் அந்த நினைவகம் நிரம்பிவிடும். அப்போது சில கேமராக்கள் பதிவை நிறுத்தும், சில தம்மைத்தாமே மறுதொடக்கம் செய்துகொள்ளும். நாம் பார்ப்பது கேமரா அணைவதை, திணறியது கார்டு. கடைசி நிலையில் கார்டு தன்னைப் பூட்டிக்கொண்டு எழுதவே மறுக்கும். அதற்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு: கேமராவில் ஃபார்மேட் கொடுத்தால் முடிந்தது என்று காட்டும், கழற்றி மாட்டினால் பழைய படங்கள் எல்லாம் அப்படியே திரும்பி வந்து நிற்கும். நம்மவர் கார்டு இதைத்தான் செய்தது. ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கும் இதுவே பதில். கோப்பு அட்டவணை குழம்பியிருந்தால் ஃபார்மேட் உதவும். தேய்ந்த செல்லை அது திருப்பித் தராது.

"அப்போ வேகமான கார்டு போடுங்க" என்று அடுத்து சொல்வார்கள். மேலே யூ3, வி30 என்று போட்ட கார்டு விநாடிக்கு 30 மெகாபைட் எழுதும். நமக்கு வேண்டியதோ மூன்றேகால். பழைய கிளாஸ் 10 கார்டே பத்து எழுதும். வேகம் வேறு, உழைப்பு வேறு. பார்க்க வேண்டியது 'எண்டூரன்ஸ்' என்று அச்சிட்ட கார்டை; அதில் எத்தனை மணி நேரப் பதிவு தாங்கும் என்று போட்டிருப்பார்கள். சான்டிஸ்க்கின் மேக்ஸ் எண்டூரன்ஸ் வரிசையில் 32 ஜிபிக்கு 15,000 மணி, 128 ஜிபிக்கு 60,000 மணி. கொள்ளளவு நான்கு மடங்கானால் ஆயுளும் நான்கு மடங்கு, ஏனென்றால் ஒவ்வொரு செல்லுக்கும் முறை வருவது அத்தனை தாமதமாகும். 4கே கேமரா அதிகம் எழுதும், அங்கே இந்த மணிக்கணக்கு குறையும். சாதாரண கார்டுகள் பலவற்றின் வாரண்டி டேஷ்கேம் பயன்பாட்டை வெளிப்படையாகவே விலக்குகிறது என்பதையும் அட்டையின் பின்பக்கம் படியுங்கள்.

ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால் போலியாக இருக்கலாம். உள்ளே 8 ஜிபி இருக்கும், 128 என்று காட்டும். பட்டியலில் துண்டுகள் இருக்கும், திறந்தால் ஓடாது. விண்டோஸில் H2testw கொண்டு முழுக்க எழுதிப் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"லூப் இருக்கே, கார்டு எப்படி நிரம்பும்?" என்பதும் பாதி உண்மைதான். வண்டி குலுங்கினால் அதிர்வு உணரி அந்தத் துண்டைப் பூட்டிவிடும். பூட்டியதை லூப் அழிக்காது. மெட்ரோ வேலைக்காகத் தோண்டி ஒட்டுப்போட்ட சாலையில் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், EVENT கோப்புறை எப்படி வீங்குகிறது என்று. பூட்டிய துண்டுகளுக்கு எல்லை வைக்காத கேமராவில் கடைசியில் எழுத இடமே இருக்காது. உணரியைக் குறைந்த நிலைக்கு மாற்றி, தேவையற்றதை அழித்தால் தீர்ந்தது.

கார்டா கரண்டா என்று பிரித்தறிய கார்டைக் கழற்றிவிட்டு வழக்கமான பாதையில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். கேமரா அணையாமல் இருந்தால் குற்றவாளி கார்டு. அப்போதும் அணைந்தால் பெரும்பாலும் காரணம் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் ஆடும் பிளக், அல்லது செல்போன் சார்ஜர் வயரைப் போட்டு ஓட்டுவது. கேமராவோடு வந்த வயரைப் போட்டு, வீட்டில் பவர் பேங்கில் மாட்டிப் பாருங்கள். அதிலும் அணைந்தால்தான் கேமரா மீது சந்தேகம் வரலாம்.

நம்மவர் கேமரா கார்டு இல்லாமல் சாந்தோமிலிருந்து பனகல் பார்க் வரை ஒரு முறைகூட அணையவில்லை. 128 ஜிபி எண்டூரன்ஸ் கார்டு வாங்கி, கேமராவிலேயே ஃபார்மேட் செய்து போட்டார். வாங்கிய தேதியை ஒரு துண்டு டேப்பில் எழுதிக் கேமராவின் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். மாதம் ஒரு முறை, பெட்ரோல் போடும் இடத்தில் நிற்கும்போது, நேற்றைய படம் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார்.