நாற்பத்தோராவது ஆள்

“படிவம் தானாக மூடிக்கொண்டது.” பயிலரங்குகளில் இடம் கிடைக்காத மாணவர்களுக்கு ஒருங்கிணைப்பாளர்கள் அனுப்பும் பதில்களில் இந்த வாக்கியம் அடிக்கடி வருகிறது. ‘கொள்’ என்னும் துணைவினை இங்கே செய்யும் வேலை கவனிக்கத்தக்கது. ‘மூடினோம்’ என்றால் மூடியவர் யார், ஏன் மூடினார் என்று கேட்கலாம். ‘மூடப்பட்டது’ என்றாலும் யாரால் என்ற கேள்வி பின்னாலேயே வரும். ‘மூடிக்கொண்டது’ என்றாலோ செயல் படிவத்தின் மேலேயே திரும்பிவிடுகிறது. காற்றில் சாத்திக்கொண்ட கதவிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை. ஆனால் இந்தக் கதவுக்கு 40 என்ற எண்ணை ஒருவர் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்.

உச்ச எண்ணிக்கை வந்ததும் படிவம் தன்னியல்பாக நின்றுவிடும்படி அமைப்பதில் தொழில்நுட்பச் சிக்கல் பெரிதாக இல்லை. கூகுள் படிவத்துக்கு formLimiter போன்ற துணைநிரல்கள் உண்டு. அவை வேண்டாம் என்றால் படிவத்தோடு இணைந்த Apps Script பக்கத்தில் சில வரிகள் எழுதி, ‘On form submit’ என்னும் தூண்டியைச் சேர்த்துவிட்டால் போதும்:

```
function checkLimit() {
  const form = FormApp.getActiveForm();
  if (form.getResponses().length >= 40) {
    form.setAcceptingResponses(false);
  }
}
```

இது வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை. எதை எண்ணுகிறது என்பதில்தான் தகராறு. `getResponses().length` என்பது படிவத்தில் தங்கியிருக்கும் சமர்ப்பிப்புகளின் எண்ணிக்கை. அது ஆட்களின் எண்ணிக்கையும் அன்று, தகுதியுடையோரின் எண்ணிக்கையும் அன்று. நாற்காலிகளின் எண்ணிக்கையை இந்த எண்ணோடு சமன்படுத்திவிட்டு, மீதியை நிரல் பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிற இடத்தில் தவறு தொடங்குகிறது.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். ஊரும் பெயரும் வேண்டாம், இந்தியாவில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் நடக்கக்கூடியதுதான். மொழிக் களப்பதிவுகளை ELAN மென்பொருளில் குறியிட்டுப் பகுப்பது பற்றி மூன்று நாள் பயிலரங்கு. கட்டணம் இல்லை. ஆய்வகத்தில் 40 கணினிகள், ஆகவே வரம்பும் 40. இரவு 9 மணிக்கு இணைப்பு துறையின் வாட்ஸ்அப் குழுவில் விழுகிறது. அங்கிருந்து நண்பர்களுக்கும், வேறு பல்கலைக்கழகங்களின் குழுக்களுக்கும் போகிறது. ஒரு மணி நேரத்துக்குள் எண் நிறைந்து படிவம் நின்றுவிடுகிறது. ஒருங்கிணைப்பாளருக்கு மகிழ்ச்சி: “ஒரு மணி நேரத்தில் நிரம்பிவிட்டது!”

மறுநாள் அந்த 40 வரிகளையும் பொறுமையாக வாசித்துப் பார்க்கட்டும். படிவம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவரும் உதவியாளரும் அனுப்பிய சோதனைப் பதிவுகள் 2. முதல் முறை போயிற்றோ இல்லையோ என்ற ஐயத்தில் மறுபடியும் அனுப்பியவர்களின் இரட்டைப் பதிவுகள் 3. அறிவிப்பில் கேட்ட களத்தரவு எதுவும் கைவசம் இல்லாதவர்கள் 4. மிச்சம் 31. இலவச நிகழ்வு என்பதால் பெயர் கொடுத்தும் வராமல் போகிறவர்கள் ஓர் 6 பேர் என்று வைத்தாலும் முதல் நாள் காலையில் உட்கார்ந்திருப்பவர்கள் 25 பேர்தான். கணினிகள் 15 சும்மா இருக்கின்றன. “இடமில்லை” என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்? தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

படிவம் நிற்கும்போது அதற்குப் பின் வருகிறவர்களின் சுவடும் சேர்ந்தே நின்றுவிடுகிறது. நாற்பத்தோராவது ஆள் யார், எங்கிருந்து வந்தார், எதற்காக வந்தார் என்ற எதுவும் எங்கும் எழுதப்படுவதில்லை. பிறகு ஆறு பேர் வரவில்லை என்றால் கூப்பிடுவதற்கு ஆள் இல்லை. அடுத்த ஆண்டு இன்னொரு பயிலரங்குக்கு நிதி கேட்கும்போது, இத்தனை பேர் வேண்டினார்கள் என்று காட்ட ஒரு வரியும் இல்லை. கோரிக்கை நாற்பதுதான், இடமும் நாற்பதுதான் என்று அந்த விரிதாள் பொய் சொல்கிறது. இருக்கை தீர்ந்த பிறகும் காத்திருப்போர் பட்டியலையும் ஆர்.ஏ.சி.யையும் வைத்திருக்கிறது இந்திய ரயில்வே. தட்கல் நேரத்தில் அதைத் திட்டாத ஆய்வாளர் இல்லை. ஆனாலும் அந்த வரிசைக்காவது ஒரு வால் உண்டு.

“முதலில் வருபவருக்கு முன்னுரிமை என்பது நடுநிலையான விதிதானே, யாருக்கும் சலுகை காட்டவில்லையே” என்பது வழக்கமான பதில். ஓட்டம் ஒரே கோட்டிலிருந்து தொடங்கியிருந்தால் அந்தப் பதில் நிற்கும். இந்த ஓட்டம் குழுவில் இருப்பவருக்கு 9 மணிக்கும், அவருடைய நண்பருக்கு 9.20க்கும், வேற்று மாநிலத்து மாணவருக்கு மறுநாள் காலையிலும் தொடங்குகிறது. அலைபேசிக் கோபுரம் எட்டாத மலைக்கிராமத்தில் உட்கார்ந்து மொழி ஆவணப்படுத்திக்கொண்டிருக்கும் ஆய்வாளருக்கு அது தொடங்குவதே இல்லை. ELAN யாருக்கு உடனடியாகத் தேவை என்று கேட்டால் அவருக்குத்தான். திரைவாசிப்பானைக் கொண்டு ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுக் கேட்டு நிரப்பும் பார்வையற்ற மாணவருக்கு, இணைப்பு உரிய நேரத்தில் கிடைத்தாலும் நிரப்பும் வேகம் வேறு.

அந்தப் படிவத்திலேயே இன்னொரு வேடிக்கையும் உண்டு. ‘இந்தப் பயிலரங்கு உங்கள் ஆய்வுக்கு எவ்வாறு உதவும்? 300 சொற்களில் எழுதுக’ என்று ஒரு கட்டாய வினா. உண்மையாகவே யோசித்து எழுதுகிறவர் 40 நிமிடம் எடுத்துக்கொள்கிறார். ‘ஆர்வம் உண்டு’ என்று இரண்டு சொல் எழுதியவர் அரை நிமிடத்தில் உள்ளே போய்விட்டார். யோசித்தவர் எழுதி முடித்து அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது, இப்படிவம் இனிப் பதில்களை ஏற்காது என்ற அறிவிப்பு வருகிறது. அவர் திறந்தபோது படிவம் திறந்துதான் இருந்தது. வரம்பு எண்ணத் தெரிந்த நிரலுக்கு அவர் எழுதிக்கொண்டிருந்தது தெரியாது. எண்ணிக்கையால் மூடும் படிவத்தில் இப்படி ஒரு வினாவை வைப்பதன் பொருள் என்ன? அதை வாசித்து யாரையும் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. தேர்வு நடந்து முடிந்துவிட்டது, வேகத்தின் பேரில்.

எதிர்த்திசையிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. மேலே உள்ள நிரல், பதில் உள்ளே வந்த பிறகுதான் ஓடுகிறது. தூண்டி விழித்து, எண்ணி, படிவத்தை நிறுத்துவதற்குச் சில நொடிகள் ஆகும். கூட்டம் மோதும் நேரத்தில் அந்தச் சில நொடிகளில் இன்னும் இரண்டு மூன்று பேர் அனுப்பிவிடுவார்கள். விரிதாளில் 43 வரிகள் இருக்கும். அந்த மூவருக்கும் திரையில் கிடைத்த செய்தி, பதில் பதிவாகிவிட்டது என்பது. தமிழில் ‘பதிவு’ என்றால் குறித்து வைத்தலும் பதிவுதான், இடம் உறுதியாதலும் பதிவுதான். கருவி முதற்பொருளில் சொல்கிறது, மாணவர் இரண்டாம் பொருளில் கேட்கிறார், ரயிலுக்கும் முன்பதிவு செய்துவிடுகிறார். பயிலரங்குக்கு இரண்டு நாள் முன்பு கடைசி மூன்று வரிகளைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டுப் பட்டியல் வெளியிடுகிறார்கள்.

சோதனைப் பதிவுகளை முன்னமே நீக்கிவிட்டோமே என்பவர்கள் எங்கே நீக்கினார்கள் என்று பார்ப்பது நல்லது. பதில்கள் போய்ச் சேரும் விரிதாளில் வரியை அழித்தால் படிவத்தின் எண்ணிக்கை குறையாது. நிரல் எண்ணுவது படிவத்தை. படிவத்தின் ‘Responses’ பகுதிக்குள் போய் நீக்கினால்தான் கணக்கு மாறும். விரிதாளில் 38 வரி இருக்கும்போதே படிவம் நின்றுபோனால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இரட்டைப் பதிவுக்கும் மருந்து உண்டு, அரை மருந்து. சமர்ப்பிப்புகளுக்குப் பதிலாக வெவ்வேறு மின்னஞ்சல் முகவரிகளை எண்ணச் செய்யலாம்:

```
const ids = form.getResponses()
  .map(r => r.getRespondentEmail());
const n = new Set(ids).size;
```

படிவ அமைப்பில் மின்னஞ்சல் சேகரிப்பை இயக்காமல் இதை ஒட்டிவிட்டால் எல்லா முகவரியும் வெற்றாகவே வரும். வெற்றுகள் அனைத்தும் ஒன்றாக எண்ணப்பட்டு n எப்போதும் 1 ஆகவே நிற்கும், படிவம் மூடவே மூடாது. சேகரிப்பை இயக்கினாலும் இரண்டு கணக்கு வைத்திருப்பவர் இரண்டு ஆளாகத்தான் எண்ணப்படுவார். தகுதியைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு எதுவும் சொல்லாது.

வரம்பே கூடாது என்பதன்று வாதம். கணினிகள் 40 என்பது மெய். ஒரு பேருந்தில் 50 இருக்கை, துறை மாணவர்களே களப்பயணம் போகிறார்கள், எல்லாரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது படிவத்தைத் திறக்கிறார்கள் என்றால் எண்ணிக்கையில் மூடுவதில் பழுதில்லை. தகவலாளர்களுக்கு மதிப்பூதியம் கொடுக்கும் ஆய்வில் நிதி 100 பேருக்குத்தான் என்றாலும் மூடித்தான் ஆகவேண்டும், இல்லையேல் நூற்றோராவது ஆளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுக் கைவிரிக்க நேரும். (அங்கேயும் மொத்தம் 100 என்று மூடினால், நூறு பேரும் ஒரே விடுதி மாணவர்களாக அமைந்துவிடக்கூடும். வயது வாரியாகவோ வட்டார வாரியாகவோ ஒதுக்கீடு திட்டமிட்டவர் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே எண்ணவேண்டும். அது வேறு கதை.) திறந்த அழைப்பு என்று அறிவித்துவிட்டு, நாடு முழுவதற்கும் சுவரொட்டி அனுப்பிவிட்டு, உள்ளே எண்ணை மட்டும் காவலுக்கு நிறுத்துவதுதான் கேள்விக்குரியது.

இருக்கைகளுக்கு வரம்பு வைக்கலாம், விண்ணப்பங்களுக்கு வைக்கத் தேவையில்லை. படிவத்தை ஐந்து நாள் திறந்து வைத்து, அறிவித்த நாளில் அறிவித்த மணிக்கு நேரத்தின் பேரில் மூடலாம். அதே `setAcceptingResponses(false)` வரியை நேரத் தூண்டியில் மாட்டினால் போதும். பிறகு இரட்டைகளையும் தகுதியில்லாதவற்றையும் கழித்துவிட்டு, 300 சொல்லை வாசிக்கத் தெம்பிருந்தால் வாசித்துத் தேர்ந்தெடுக்கலாம். தெம்பில்லை என்றால் அந்த வினாவையே எடுத்துவிட்டு, தகுதியானவர்களுக்குள் குலுக்கல் போடலாம். எந்த வழி என்பதை அழைப்பிலேயே எழுதிவிடலாம். நாற்பது பேருக்கு அடுத்து 15 பேர் கொண்ட காத்திருப்புப் பட்டியலை வரிசை எண்ணோடு வெளியிட்டால், வராதவர்களின் இடத்துக்கு முந்தின நாள் மாலையில் யாரைக் கூப்பிடுவது என்று விழிக்கவேண்டியதில்லை.

“யார் இருநூறு விண்ணப்பங்களைப் பார்ப்பது? உதவிக்கு ஆள் இல்லை, ஊதியமும் இல்லை” என்ற மறுப்பில் உண்மை இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் இந்த வேலை பெரும்பாலும் முனைவர்ப்பட்ட மாணவர் ஒருவரின் தலையில்தான் விழுகிறது. படிவம் தானாக நிற்கட்டும் என்று அவர் விரும்புவதை யாரும் குறை சொல்ல முடியாது. அவர் அந்த வரம்பை வைத்தே தீரவேண்டும் என்றால் 40க்கு வைக்காமல் 120க்கு வைக்கட்டும். மூன்று மடங்குப் பட்டியலை ஒரு பிற்பகலில் சலித்துவிடலாம். மூடிய பிறகு வருகிறவர்களுக்கு `setCustomClosedFormMessage` வழியாகச் சொந்தச் சொற்களில் ஒரு செய்தி வைக்கலாம்: “120 விண்ணப்பங்கள் வந்துவிட்டதால் நாங்கள் படிவத்தை மூடியிருக்கிறோம். காத்திருப்புப் பட்டியலில் சேர விரும்பினால் இந்த முகவரிக்குப் பெயரும் ஆய்வுத் தலைப்பும் எழுதுங்கள்.” அந்தச் செய்தியில் ‘நாங்கள்’ என்ற எழுவாய் இருக்கிறது.