காஸ்டிக் சோடா விழுங்கிய குழந்தை: தேறிவிட்டதாகத் தோன்றும் மூன்றாம் வாரத்தில் தொடங்கும் ஆபத்து

புதுதில்லி: அடைத்துக்கொண்ட குழாயைச் சரிசெய்யக் காஸ்டிக் சோடாவைக் கரைத்து, மீதியைப் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது பல வீடுகளில் வழக்கம். கழிப்பறை கழுவும் ஆசிட்டும் பல ஊர்களில் பழைய பாட்டில்களிலேயே சில்லறையாக விற்கப்படுகிறது. நிறமற்ற அந்தத் திரவத்துக்கும் குடிநீருக்கும் இரண்டு வயதுக் குழந்தையால் வேறுபாடு காண இயலாது.

அமிலம் நாக்கில் பட்டவுடன் எரியும் என்பதால் குழந்தை பெரும்பாலும் துப்ப முயலும். காஸ்டிக் சோடா கரைசலுக்குக் கடுமையான மணமோ சுவையோ இல்லாததால், எரிச்சல் உறைப்பதற்குள் ஒரு வாய் உள்ளே போய்விடுகிறது. அமிலம் பட்ட திசு உறைந்து பொருக்காகி, மேலும் ஊடுருவுவதை ஓரளவு தடுக்கும். காரமோ திசுவின் கொழுப்பையும் புரதத்தையும் கரைத்தபடி உணவுக்குழாயின் தசைவரை இறங்கும். இவை சில நிமிடங்களுக்குள் நிகழ்ந்துவிடுகின்றன.

முதல் மணி நேரம்

அப்போது பெற்றோர் செய்யக்கூடிய பெரிய தவறு, குழந்தையை வாந்தி எடுக்க வைப்பது. உப்புநீர் கொடுத்தாலோ தொண்டையில் விரலை விட்டாலோ, உள்ளே சென்ற திரவம் அதே வழியில் மேலேறி மறுமுறை சுடும், மூச்சுக்குழாய்க்குள்ளும் புகலாம். காரத்துக்கு எலுமிச்சைச் சாறும் அமிலத்துக்குச் சமையல் சோடாவும் மாற்று என்று கருதுவதும் தவறு. அந்த வேதிவினையில் வெப்பமும் வாயுவும் உண்டாகக்கூடும்.

வாயில் எஞ்சியதைத் துடைத்தெடுத்து, நனைந்த உடையைக் களைந்து, தோலையும் கண்ணையும் ஓடும் நீரில் கழுவ வேண்டும். மருத்துவர் கூறாமல் எதையும் குடிக்கக் கொடுக்கக்கூடாது. பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற இலவச எண்ணில் தொடர்புகொள்ளலாம். எச்சில் ஒழுகுதல், விழுங்க மறுத்தல், மூச்சில் இரைச்சல் ஆகியவை கடும் காயத்தின் அறிகுறிகள். வாயில் புண் இல்லை என்பதால் உணவுக்குழாய் தப்பியது என்று முடிவு செய்ய முடியாது.

எண்டோஸ்கோபி கூறுவது

காயத்தின் ஆழத்தை அறிய, பொதுவாக முதல் 24 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி செய்யப்படுகிறது. சில நாள்கள் கழிந்தால் திசு மென்மையாகிக் கிழியும் அபாயம் கூடும். காயத்தை வகைப்படுத்த உலகெங்கும் பயன்படும் சர்கார் அளவுகோல், சண்டீகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவன மருத்துவர்கள் 1991-இல் வெளியிட்டது. இதன்படி, மேலோட்டமான புண் பெரும்பாலும் தழும்பின்றி ஆறும். ஆழமான புண் குழாயின் முழுச் சுற்றளவையும் சூழ்ந்திருந்தால், பின்னாளில் குழாய் குறுகும் வாய்ப்பு மிக அதிகம்.

இத்தகைய காயமடைந்த குழந்தை ஒன்றைக் கருதுவோம். பத்தாம் நாள் வலி தணிந்து, பாலும் கஞ்சியும் குடிக்கிறது. குணமாகிவிட்டது என்று நம்பி மறுபரிசோதனையைக் குடும்பம் தவிர்க்கிறது. மூன்றாம் வாரம் முதல், புண்ணை மூடிய நார்த்தழும்பு சுருங்கத் தொடங்குகிறது. முதலில் சப்பாத்தி தொண்டையில் நிற்கிறது; பிறகு குழைந்த சோறு; இறுதியில் பாலும் எச்சிலுமே இறங்குவதில்லை. அடம் என்று பெற்றோர் நினைக்கும் இந்த வரிசையே குழாய் குறுகுவதன் அடையாளம். மூன்றாம் வாரத்தையொட்டி பேரியம் கரைசல் கொடுத்து எடுக்கும் எக்ஸ்ரே அதை முன்கூட்டியே காட்டிவிடும்.

குறுகிய இடத்தைப் பலூன் அல்லது விரிப்புக் குழல் கொண்டு சிறிது சிறிதாக விரிப்பதே சிகிச்சை. இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, மாதக்கணக்கில் இது தொடரக்கூடும். அவசரப்பட்டு விரித்தால் குழாய் கிழியலாம். பலனில்லாதபோது, பெருங்குடலையோ இரைப்பையையோ கொண்டு மாற்று உணவுக்குழாய் அமைக்க வேண்டியுள்ளது. தழும்பேறிய குழாயில் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுதல் என்பதால் கண்காணிப்பு வாழ்நாள் முழுவதும் தேவை.

சட்டத்தின் எல்லை

அமிலத்தின் சில்லறை விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2013-இல் கட்டுப்பாடு விதித்தது. வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்து விவரத்தைப் பதிவு செய்ய வேண்டும். 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்கக்கூடாது. அமில வீச்சைத் தடுப்பதே அந்த உத்தரவின் நோக்கம். முறையாக வாங்கிய திரவம் வீட்டில் எந்தப் பாட்டிலில் இருக்கிறது என்பது அதன் எல்லைக்குள் வரவில்லை. அமெரிக்காவில் மருத்துவர் செவாலியர் ஜாக்சனின் முயற்சியால் 1927-இல் எச்சரிக்கைச் சீட்டும், 1970-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் குழந்தைகள் திறக்க இயலாத மூடியும் கட்டாயமாயின. ஆனால் அத்தகைய மூடியும் மூலப் புட்டியிலேயே திரவம் இருக்கும்வரைதான் காக்கும். தண்ணீர் பாட்டிலுக்கு மாற்றிய கணத்தில் சீட்டு, மூடி இரண்டின் பாதுகாப்பும் நீங்கிவிடுகிறது.

ஆழமான காயத்துடன் சிகிச்சை பெற்ற குழந்தை வீடு திரும்பும்போது, மூன்றாம் வாரப் பரிசோதனைக்கான தேதியைப் பெற்றோர் எழுதி வாங்கிக்கொள்வது அவசியம். குழந்தை நன்றாகச் சாப்பிட்டாலும் அந்தத் தேதியைத் தவறவிடக்கூடாது.